மாமனாரிடம் பணம் கேட்கும் முன்: கல்லாவில் இருப்பது லாபம்தானா?

"தென்காசி பக்கம் 9 வருடமாக மளிகைக் கடை நடத்துகிறேன். மாதம் 3 லட்சம் விற்பனை, 20 சதவீதம் லாபம் நிற்கும். பக்கத்து போர்ஷன் காலியாகிறது. அதை எடுத்து, ரேக் அடித்து, ஃப்ரீசர் வைத்து, இன்னொரு ஆளும் போட்டால் விற்பனை 5 லட்சம் ஆகிவிடும். 6 லட்சம் தேவை. மாமனார் ரிடையர்மென்ட் பணத்தில் 3 லட்சம், அக்கா 2 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் 1 லட்சத்தைத் தருகிறேன் என்கிறார். கல்யாணம் அடுத்த தையில். 2 வட்டி கொடுத்து ஒரு வருடத்தில் அடைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். கியூஆர் மெஷின் கம்பெனியும் 2 லட்சம் தருகிறது, நாளைக்கு 800 ரூபாய் வீதம் 300 நாள் பிடித்துக்கொள்வார்களாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். எப்படிச் சொல்வது? சப்ளையர் பாக்கி வேறு இரண்டு மூன்று வருடமாக ஏறி 1,40,000-ல் நிற்கிறது. ராத்திரி தூக்கம் வருவதில்லை. நோட்டுப் பக்கங்களும் ஒரு மாத பில்களும் இணைத்திருக்கிறேன்."

நீங்கள் அனுப்பிய நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை வரிசையைப் பாருங்கள். விற்பனை 9,860 என்று எழுதி, ஓரத்தில் 'சிலிண்டர்' என்று போட்டிருக்கிறீர்கள். தொகை இல்லை. இரண்டு நாள் கழித்து 'பாப்பா பீஸ்', அதற்கும் தொகை இல்லை. மாதம் முழுக்க இப்படி பதினோரு இடம் இருக்கிறது. உங்கள் தூக்கம் கெடுவதற்குக் காரணம் அந்தப் பதினோரு இடம்தான் என்பது என் கணிப்பு. போர்ஷனைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பில்களைக் கூட்டிப் பார்த்தேன். கொள்முதல் 2,64,000, விற்பனை 3,00,000. சரக்கு இருப்பு ஏறக்குறைய முன்பு போலவே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் நிற்பது 36,000, அதாவது 12 சதவீதம். 20 என்று உங்களுக்குத் தோன்றியது பூஜைச் சாமானையும் பாக்கெட் மசாலாவையும் மனதில் வைத்துத்தான். உங்கள் விற்பனையில் பெரும்பங்கு அரிசி, எண்ணெய், சர்க்கரை. அவற்றில் அவ்வளவு நிற்காது. அந்த 36,000-ல் வாடகை 6,000, கரண்ட் 2,500, பையன் சம்பளம் 8,000, வண்டிக்கூலி மற்றதெல்லாம் 1,500 போனால் மிச்சம் 18,000. நீங்களும் உங்கள் மனைவியும் காலை 6 மணி முதல் ராத்திரி 10 வரை நிற்பதற்கான கூலி அது. லாபம் என்று தனியாக ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியவில்லை. ஆனால் சப்ளையர் பாக்கி சொல்கிறது. மாதம் 5,000 கூடுதலாக எடுத்தால் இரண்டரை வருடத்தில் ஒன்றரை லட்சம். உங்கள் பாக்கி 1,40,000. ஆகவே வீட்டுக்கு 23,000 போகிறது, 18,000 வருகிறது, நடுவில் இருக்கும் 5,000-ஐ எண்ணெய்க் கம்பெனி ஏஜென்டும் பருப்பு மண்டிக்காரரும் உங்களுக்குக் கடனாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கல்லாவில் மாமனாரின் 3 லட்சத்தைப் போட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும். முதல் ஒரு வருடம் கடையில் நிறைய சரக்கு தெரியும், கையில் பணம் புரளும், எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். சரக்கு மெலிவது பிறகுதான் கண்ணில் படும்.

அதனால் நாளையிலிருந்து கல்லாவில் கை வைக்காதீர்கள். மாதம் 1-ஆம் தேதி 18,000 ரூபாயைக் கடைக் கணக்கிலிருந்து மனைவியின் கணக்குக்கு மாற்றுங்கள். வீட்டுக்கு எடுக்கும் சோப்பு, எண்ணெய்க்கும் பில் போட்டு அதற்குள்ளேயே கழியுங்கள். மூன்று மாதம் இப்படி நடந்து, சப்ளையர் பாக்கி ஒரு ரூபாயும் ஏறாமல் இருந்தால், அந்த மூன்று மாத நோட்டுதான் நீங்கள் குடும்பத்துக்குக் காட்ட வேண்டிய முதல் காகிதம். போர்ஷன் கை விட்டுப் போய்விடும் என்றால் கட்டடக்காரருக்கு ஒரு மாத வாடகையை டோக்கனாகக் கொடுத்து நிறுத்தி வையுங்கள். 7,000 ரூபாய் போனாலும் பரவாயில்லை.

இப்போது உங்கள் திட்டத்தை அது இருக்கிறபடியே போட்டுப் பார்க்கிறேன். விற்பனை நீங்கள் சொல்கிறபடி 2 லட்சம் கூடட்டும். 12 சதவீதம் என்றால் 24,000. புதுப் போர்ஷன் வாடகை 7,000, இரண்டாவது ஆள் 9,000, ஃப்ரீசரோடு கரண்ட் 3,000. இன்னொன்றை விட்டுவிட்டீர்கள். இப்போது வருடத்துக்கு 36 லட்சம் விற்கிறீர்கள். 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அந்த 40 லட்சத்தில் வரி இல்லாத அரிசி, பருப்பு விற்பனையும் சேரும். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் போனால் வரியுள்ள சரக்கின் விற்பனையில் 1 சதவீதம் கட்ட வேண்டும், அதை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கவும் முடியாது. அது ஒரு 3,500. ஆக 22,500 போய் மிச்சம் 1,500. 6 லட்சத்துக்கு 2 வட்டி மாதம் 12,000. அசலை ஒரு வருடத்தில் அடைக்க மாதம் 50,000. எல்லாம் நினைத்தபடியே நடந்தாலும் இந்தத் திட்டம் முதல் மாதமே வட்டிக்குப் போதாது.

கியூஆர் மெஷின் கடனைத் தொடவே தொடாதீர்கள். 800 வீதம் 300 நாள் என்றால் 2,40,000. 2 லட்சத்துக்கு 40,000 வட்டிதானே என்று தோன்றும். ஆனால் தினமும் அடைத்துக்கொண்டே வருவதால் சராசரியாக உங்கள் கையில் இருப்பது 1 லட்சம்தான், அதுவும் 10 மாதத்துக்கு. கணக்குப் போட்டால் 4 வட்டிக்குப் பக்கம் வருகிறது. ஊரில் மீட்டர் வட்டிக்காரரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்கள், அதே வட்டி போனில் பச்சை பட்டனாக வந்தால் அழுத்திவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறுமை போகிறது.

சித்தப்பாவிடம் இன்றே போன் போட்டு, "வேண்டாம் சித்தப்பா, அது தங்கச்சி கல்யாணப் பணம்" என்று சொல்லிவிடுங்கள். தையில் திரும்ப வேண்டிய பணத்தைச் சரக்கில் போடக் கூடாது.

3 லட்சத்துக்குள் அடங்குகிற திட்டம் ஒன்று இருக்கிறது. போர்ஷன் அட்வான்ஸ் 70,000, சுவர் திறப்பு, வயரிங் 50,000, ரேக் 50,000, சரக்கு 90,000, கையிருப்பு 40,000. ஃப்ரீசர் வேண்டாம், இரண்டாவது ஆளும் வேண்டாம். வாடிக்கையாளர் தானே எடுத்துக்கொள்ளும்படி ரேக் அடிப்பதே ஆள் சம்பளம் மிச்சமாகத்தான். புது இடத்தில் அரிசி மூட்டையை அடுக்காதீர்கள். பூஜைச் சாமான், வத்தல், நீங்களே பாக்கெட் போடும் மசாலா, பிளாஸ்டிக், ஸ்டேஷனரி மாதிரி சற்று அதிகம் நிற்கிற சரக்காகப் பார்த்து, சராசரி 16 சதவீதம் வருகிறாற்போல் வையுங்கள்.

மாமனாரிடம் 2 லட்சம், அக்காவிடம் 1 லட்சம், இருவருக்கும் 1 வட்டி, 5 வருடத் தவணை. மாதம் அசலும் வட்டியும் சேர்த்து 6,670 வரும். போஸ்ட் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் வருடத்துக்கு 8 சதவீதத்தை ஒட்டி வாங்குகிறவருக்கு 12 சதவீதம் நல்ல வட்டிதான். 24 தருகிறேன் என்றால் விவரம் தெரிந்த மாமனார் பயப்பட வேண்டும். புதுச் செலவு வாடகை 7,000, கரண்ட், பை 1,500, வரி 3,000, ஆக 11,500. தவணையோடு 18,170. இதை 16 சதவீதத்தில் எடுக்க மாதம் 1,14,000 கூடுதல் விற்பனை தேவை, அதாவது நாளைக்கு 3,800. இன்று நாளைக்கு 10,000 விற்கிற கடை 13,800 விற்றால் பிழைக்கும். குடும்பத்தை உட்கார வைத்துப் பேசும்போது சொல்ல வேண்டிய எண் இதுதான். 5 லட்சம் என்று சொன்னால் யாருக்கும் சரிபார்க்க வழியில்லை. 13,800 என்றால் அக்கா எந்த நாள் சாயங்காலம் போன் செய்தும் கேட்கலாம்.

அடுத்தது, யாரும் வாய் திறந்து கேட்காத கேள்வி. ஓடவில்லையென்றால்? விற்பனை பிடிக்க ஆறு மாதம் ஆகும், அதுவரை ஆறு தவணைக்குத்தான் அந்த 40,000. ஆறாவது மாதம் கூடுதல் விற்பனை நாளைக்கு 2,400-ஐத் தொடவில்லையென்றால் புது இடம் தன் வாடகையையும் வரியையும்கூட எடுக்கவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு போர்ஷனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அட்வான்ஸ் 70,000 வரும், ரேக் பாதி விலைக்குப் போனால் 25,000, சரக்கில் ஒரு 80,000 பழைய கடையில் விற்றுவிடும். ஆக 1,75,000 திரும்பும். சுவரில் போட்டது போனது போனதுதான். கையிருப்பு தவணையாகவோ வாடகையாகவோ கரைந்திருக்கும். துண்டு விழுவது சுமார் 1,25,000. அதை உங்கள் 18,000-லிருந்து மாதம் 2,500 வீதம், 50 மாதத்தில் தருவதாக இப்போதே எழுதிக் கொடுங்கள். மனைவியிடம் முதலில் பேசிவிட்டு எழுதுங்கள், அவருடைய வீட்டுச் செலவுதான் குறையப் போகிறது. மாமனார் முன்னால் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் ரிடையர்மென்ட் பணத்தைத் தருகிறவருக்கு எவ்வளவு போகலாம் என்று தெரியாமல் கொடுக்க வைப்பது நியாயமில்லை.

'பங்கு' என்ற சொல்லை அங்கே எடுக்காதீர்கள். பங்கு என்றால் ஒவ்வொரு தீபாவளிக்கும் லாபம் எவ்வளவு என்ற கேள்வி வரும், உங்கள் நோட்டு இன்னும் அதற்குத் தயாராக இல்லை. கடனாகவே வாங்குங்கள், வங்கி வழியாக வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால் அந்தத் தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இருவருக்கும் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டு புரோநோட் கொடுங்கள். அது 3 வருடத்தில் காலாவதியாகிவிடும், உங்கள் தவணையோ 5 வருடம். அதனால் கட்டுகிற பணத்தை அவ்வப்போது நோட்டின் பின்பக்கம் தேதியோடு எழுதி நீங்கள் கையெழுத்திட வேண்டும். அப்போதுதான் காலக்கெடு புதிதாகும்.

நாளைக்கு 3,800 கூடுமா என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு 40 பக்க நோட்டைக் கட்டித் தொங்க விடுங்கள். இந்த மூன்று மாதமும் யாராவது ஒரு பொருள் கேட்டு நீங்கள் "இல்லை" என்று சொல்லும்போதெல்லாம் பொருளையும் விலையையும் எழுதுங்கள். பையன் சொன்னாலும் அவன் எழுத வேண்டும். கேட்டவர் எல்லோரும் அப்போதே வாங்கியிருக்க மாட்டார்கள், அதனால் கூட்டியதில் பாதியைத்தான் நான் நம்புவேன். அந்தப் பாதி நாளைக்கு 2,000-க்குக் கீழே இருந்தால் போர்ஷனை விட்டுவிடுங்கள், டோக்கனோடு போகட்டும். 3,000-க்கு மேல் இருந்தால் மீதி 800-ஐப் புது ரேக்கைப் பார்த்து எடுப்பவர்கள் கொடுப்பார்கள். அந்த நோட்டையே மாமனார் கையில் கொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் வந்தால் நோட்டுப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், எந்தச் சரக்கு என்று பார்த்துச் சொல்கிறேன்.