கறவை மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது வேக்குவமும் லைனரும்

"எங்களிடம் ஐந்து ஜெர்சி கலப்பின மாடுகள் இருக்கின்றன. கையால் கறக்க ஆள் கிடைப்பதில்லை. சின்ன மெஷின் வாங்கலாம் என்றால், மடிநோய் வரும், காம்பு கெட்டுப்போகும் என்று பயமுறுத்துகிறார்கள். டெல்டா பக்கம் மெஷின் வைத்திருப்பவர்கள் சொல்லுங்களேன்."

எனக்கு மன்னார்குடி பக்கம். எங்கள் கொட்டகையில் மெஷினும் ஓடுகிறது, கையாலும் கறக்கிறோம். ஐந்து கலப்பின மாட்டுக்கு ஒரு பக்கெட் மெஷின் தாராளமாகப் போதும், தைரியமாக வாங்குங்கள். மெஷின் வந்த பிறகு மடிநோய் வந்தது என்று கூப்பிட்டு நான் போய்ப் பார்த்த வீடுகளில், காரணம் பெரும்பாலும் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. வேக்குவம் கூடுதலாக இருக்கும், அல்லது கப்புக்குள் காம்பைக் கவ்வும் ரப்பர் லைனர் பழசாகி இருக்கும், அல்லது பால் நின்ற பிறகும் கப்பைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள்.

கைக்கறவை என்றாலே காம்புக்கு நல்லது என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. முழுக்கையால் காம்பைப் பிடித்து, மேலிருந்து கீழாக விரல்களை மூடிக் கறந்தால் நல்லதுதான். ஆனால் நம் பக்கத்தில் பாதிப் பேர் கட்டைவிரலை மடக்கி, அந்த முட்டியால் காம்பை அழுத்தி இழுக்கிறார்கள். நாளாக ஆகக் காம்பின் உட்பக்கம் காயப்பட்டுத் தடித்துப்போகும், பால் வரும் வழி குறுகும். போதாததற்கு ஒரு மாட்டின் பாலை விரலில் தொட்டுக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போவார்கள். ஒரு மாட்டின் மடிக்கிருமி அந்தக் கையோடு வரிசையாக எல்லா மாட்டுக்கும் போய்ச் சேரும்.

மெஷின் வேலை செய்யும் விதம் வேறு. கை காம்பை வெளியிலிருந்து அழுத்துகிறது, மெஷின் காம்பு நுனியில் உறிஞ்சுகிறது. உறிஞ்சிக்கொண்டே இருந்தால் ரத்தமும் நீரும் காம்பின் நுனிக்கு இறங்கித் தேங்கி வீங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் லைனரும் பல்சேட்டரும். எஃகுக் கப்புக்கும் உள்ளே இருக்கும் ரப்பர் லைனருக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. பல்சேட்டர் அந்த இடைவெளிக்கு வேக்குவம் கொடுக்கும்போது லைனர் விரிந்து பால் வரும். காற்றை விடும்போது லைனர் சுருங்கிக் காம்பை அமுக்கிவிடும், தேங்கிய ரத்தம் மேலே ஏறும். நிமிஷத்துக்கு சுமார் 60 தடவை இது நடக்க வேண்டும். உங்கள் கட்டைவிரலை லைனருக்குள் விட்டுப் பாருங்கள். விட்டுவிட்டு அழுத்தம் தெளிவாகத் தெரிய வேண்டும். வெறுமனே இழுவை மட்டும் தெரிந்தால் அந்தக் கப்பை மாட்டுக்குப் போடாதீர்கள்.

நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் சொந்தக்கார அண்ணன் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவரிடமும் ஐந்து ஜெர்சிக் கலப்புதான். மெஷின் போட்டு ஒரு வருஷம் தாண்டியிருந்தது. இரண்டு மாட்டுக்குப் பாலில் திரி வந்தது. மற்ற மாடுகள் கறவை முடியும் நேரத்தில் காலைத் தூக்கி உதைக்க ஆரம்பித்தன. "மெஷினை வித்துடலாம்னு இருக்கேன் தம்பி" என்றார். அதற்கு முன் ஒரு தடவை கறக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்றேன்.

கறவை முடிந்து கப்பைக் கழற்றிய உடனே காம்பைப் பார்த்தோம். அந்த நேரம்தான் முக்கியம், கொஞ்ச நேரம் போனால் எல்லாம் மறைந்துவிடும். காம்புகள் கருஞ்சிவப்பாக, நுனியில் நீலம் பாய்ந்து இருந்தன. தொட்டால் விறைப்பு. காம்பு மடியோடு சேரும் இடத்தில் கயிறு கட்டியது போல ஒரு வளையம் பதிந்திருந்தது. நுனித் துவாரத்தைச் சுற்றி வெள்ளையாகச் சொரசொரவென்று தடிப்பு. நல்ல கறவை என்றால் காம்பு, கப்பை மாட்டும்போது இருந்த நிறத்திலேயே, மெத்தென்று வெளியே வர வேண்டும்.

அப்புறம் வேக்குவம் மீட்டரைப் பார்த்தோம். முள் 380 மில்லிமீட்டரில் நின்றது. கிலோ பாஸ்கல் கணக்கில் 50க்கு மேல். பக்கெட் மெஷினில் ஜெர்சிக் கலப்புக்கு 300 முதல் 330 மில்லிமீட்டர் போதும். உங்கள் மீட்டரில் கிலோ பாஸ்கல் இருந்தால் 40 முதல் 44, அங்குலம் இருந்தால் 12 முதல் 13. வாங்கும்போது அவர் வீட்டிலும் அந்த அளவில்தான் வைத்துக் கொடுத்திருந்தார்கள். பிறகு யாரும் திருகவில்லை. ரெகுலேட்டர்தான் கெட்டிருந்தது. வேக்குவம் கூடும்போது வெளிக்காற்றை உள்ளே விட்டு அளவை நிறுத்துவது அதன் வேலை. தவிட்டுத் தூளும் வைக்கோல் தூசியும் படிந்து அதன் காற்று வழி அடைத்துக் கிடந்தது. காற்று உள்ளே வர வழியில்லாததால் பம்ப் தன் போக்கில் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது. கழற்றித் துடைத்து மாட்டியதும் முள் இறங்கியது. கொஞ்சம் திருகி 320இல் நிறுத்தினோம். வைக்கோல் உதறும் இடத்துக்குப் பக்கத்திலேயே பம்ப் இருந்தால் மாதம் ஒரு தடவையாவது இதைத் துடைக்க வேண்டும்.

வேக்குவம் கூடினால் சீக்கிரம் கறந்துவிடும் என்று சிலர் வேண்டுமென்றே ஏற்றி வைக்கிறார்கள். கொஞ்சம் வேகம் கூடும், மறுக்கவில்லை. அதற்கு விலை காம்பு நுனி. அந்தத் துவாரம் இறுக்கமாக மூடினால்தான் கிருமி உள்ளே போகாது. தடித்துச் சொரசொரப்பான நுனி சரியாக மூடாது, அந்த வெடிப்புகளில் கிருமி தங்கும்.

குறைந்தாலும் ஆபத்துதான், அதைப் பலர் சொல்வதில்லை. நம் ஊரில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது பம்ப் திணறும், பெல்ட் தளர்ந்திருந்தாலும் அப்படித்தான், மீட்டர் முள் ஆடும். கப் பிடிப்பு விட்டு "சர்ர்" என்று காற்றை இழுக்கும். அப்படி இழுத்த காற்று, நான்கு கப்பும் சேரும் கிளஸ்டருக்குள் இருக்கும் பால் துளிகளை மற்றக் காம்புகளின் நுனியில் வேகமாக அடிக்கும். துவாரம் திறந்திருக்கும் நேரம் அது. ஒரு காம்பில் கிருமி இருந்தால் மற்ற மூன்றுக்கும் போக அது ஒன்றே போதும். அந்தச் சத்தம் அடிக்கடி கேட்டால் அன்றைக்கே காரணத்தைத் தேடுங்கள்.

இனி லைனர். அண்ணன் வீட்டில் மெஷினோடு வந்த லைனரே ஓடிக்கொண்டிருந்தது. கிழியவில்லை, அதனால் மாற்றவில்லை. ரப்பர் லைனர் கிழிவதற்கு ரொம்ப முன்னாலேயே வேலைக்கு ஆகாமல் போய்விடும். பால் கொழுப்பை உறிஞ்சி உப்பும், இழுவிசை குறையும், சுருங்கும்போது காம்பைச் சரியாக அமுக்காது. உள்ளே விரலை விட்டுத் தடவினால் வழுவழுப்பு போய் நுண்ணிய வெடிப்புகள் தட்டுப்படும். எவ்வளவு கழுவினாலும் அங்கே இருக்கும் கிருமி போகாது. பொதுக் கணக்கு 2,500 கறவை அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அது. ஐந்து மாடு, இரண்டு வேளை, ஒரே கிளஸ்டர் என்றால் ஒரு நாளைக்குப் 10 கறவை. 2,500 ஆக 250 நாள் ஆகும். அதற்குள் 6 மாதம் வந்துவிடும், ஆகவே உங்களுக்கு 6 மாதம்தான் கணக்கு. நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். சிலிக்கான் லைனர் இதைவிடக் கூடுதல் காலம் வரும், விலையும் கூடுதல்.

அளவும் பாருங்கள். ஜெர்சிக் கலப்பில் காம்பு சிறிதாக இருக்கும். பெரிய காம்புக்கான அகல லைனரைப் போட்டால் கப் மேலே ஏறி மடியைக் கவ்வும். அந்த வளையம் பதிவது இதனால்தான். பால் வழி அடைபட்டு மடியில் பால் நின்றும் போகும்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். கைக்கறவையில் விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவிக் கறப்போம். மெஷினுக்கு அது கூடவே கூடாது. லைனர் வழுக்கும், எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். கழுவியதும் வெயிலில் காயப்போடுவதும் வேண்டாம், ரப்பர் விறைத்துவிடும். கறந்த உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு அலசு, பிறகு சோப்புத்தூள் போட்ட சூடான தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர், பிறகு நிழலில் தொங்கவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குழாயில் வெள்ளைப் படிவு கட்டும், அதற்கு மட்டும் மெஷின் விற்பவரிடம் கிடைக்கும் அமிலக் கரைசலை வாரம் ஒரு முறை ஓட்டுங்கள்.

கறக்கும் முறைக்கு வருகிறேன். முதலில் ஒவ்வொரு காம்பிலும் இரண்டு மூன்று பீச்சு கையால் கறுப்புத் தட்டில் பீச்சிப் பாருங்கள். திரி, தண்ணீர்த்தன்மை தெரிந்தால் அந்த மாட்டுக்கு மெஷின் வேண்டாம், கடைசியில் கையால் தனியாகக் கறந்து கொட்டுங்கள். காம்பைக் கழுவித் துடைத்து, மாடு சுரப்பு விட ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷம் கொடுங்கள். வெறும் மடியில் கப்பை மாட்டினால் பால் வராத காம்பை மெஷின் இழுக்கும். ஐந்து நிமிஷத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். கண்ணாடிக் கிளஸ்டரில் பால் ஓட்டம் இழையாகக் குறைந்ததும் முதலில் வேக்குவத்தை அடைத்து, அப்புறம் கப்பை இறக்குங்கள். மிச்சம் வரட்டும் என்று கிளஸ்டரைக் கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டாம். அண்ணன் வீட்டில் கப்பை மாட்டிவிட்டுப் புண்ணாக்கு வைக்கப் போய்விடுவார்கள், திரும்பி வரும்வரை வறட்டுக் காம்பு இழுபடும். மாடு உதைத்தது அதற்குத்தான்.

ரெகுலேட்டர், லைனர், நேரம் மூன்றையும் சரிசெய்ததும் காம்பின் நிறம் அன்றைக்கே மாறியது, உதைப்பது சில நாளில் நின்றது. நுனித் தடிப்பு குறைய இரண்டு மாதம் போல ஆயிற்று. திரி வந்த மாடுகளுக்கு டாக்டர் ஊசி போட்டார். ஒன்று முழுக்கத் தேறியது, இன்னொன்றில் ஒரு காம்பில் பால் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

கறந்ததும் அயோடின் கரைசலில் காம்பை முக்கி, தீவனம் போட்டு அரை மணி நேரமாவது மாட்டைப் படுக்கவிடாமல் நிறுத்துங்கள், துவாரம் மூட அவ்வளவு நேரம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டகை சேறாகக் கிடக்கும்போது இதைத் தவறவே விடாதீர்கள். சேற்றுச் சாணத்திலிருந்து வரும் மடிநோய்க்கு மெஷின், கை என்ற வித்தியாசமே கிடையாது.

உம்பளாச்சேரி மாடும் வைத்திருந்தால் அதற்குக் கைதான். கன்று ஊட்டாமல் சுரப்பு விடாது, கறக்கும் பாலும் கொஞ்சம். கலப்பினத்துக்கும் கைப்பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். நடுக்கறவையில் கரண்ட் போனால், வேக்குவம் முழுக்க இறங்கும் முன் கப்பைக் கழற்றிவிட்டு, சுரப்பு அடங்குவதற்குள் மீதியைக் கையால்தான் கறந்தாக வேண்டும்.