3.3 வோல்ட்டுக்கு 1111 வருவது ஏன்?

"சக்ஸஸிவ் அப்ராக்ஸிமேஷன் ஏடிசி, 5 வோல்ட் ரெபரன்ஸ், 4 பிட். 3.3 வோல்ட் கொடுத்தால் 1111 வருகிறது, ஏன்?"

கம்பரேட்டர் உள்ளீடுகள் மாறியிருந்தால் 0000 வந்திருக்கும், அதனால் எனக்குச் சந்தேகம் ரெஜிஸ்டரில்தான். அது மேல் பிட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கும், அந்த எண்ணை டாக் வோல்ட்டாக மாற்றும், கம்பரேட்டர் அதை உள்ளீட்டோடு ஒப்பிடும். முதலில் 1000, அதாவது 2.5 வோல்ட், 3.3 அதைவிடக் கூட, பிட் இருக்கட்டும். அடுத்து 1100, 3.75 வோல்ட், இது மிஞ்சிவிட்டது, கம்பரேட்டர் 0 சொல்லும், அந்தப் பிட்டை அழித்துவிட்டுத்தான் அடுத்ததை ஏற்ற வேண்டும். ஆகவே மூன்றாவது 1010, 3.125, நிற்கும். கடைசி 1011, 3.4375, போய்விடும். விடை 1010.

உங்களுடையது அழிக்காமலே ஏற்றிக்கொண்டு போகிறது. கிளாக்கைக் கையால் ஒவ்வொன்றாகக் கொடுத்து, மூன்றாவது படியில் டாக் வெளியீட்டில் மீட்டரை வைத்துப் பாருங்கள், 4.375 காட்டினால் இதுதான் பிழை. இரண்டாவது படியில் கம்பரேட்டர் 0 கொடுத்தும் பிட் விழவில்லையா? அப்போ அழிக்கும் வயரைப் பாருங்கள். புறக்கோட்டையில் வாங்கிய என் பிரெட்போர்டில் ஒரே ஒரு துளை சரியாகப் பிடிக்காமல் இதேதான் நடந்தது.