நைரா சரிந்தபோது லேகோஸில் டாலர் ஃபோனுக்குள் வந்த கதை

கேள்வி: நைஜீரியா மாதிரி நாடுகளில் சாதாரணச் சம்பளக்காரர்கள் கூட டாலர் மதிப்பில் நிற்கும் USDT என்ற கிரிப்டோ காயினை வாங்குகிறார்களாமே, ஏன்? டாலர் வேண்டுமென்றால் வங்கியில் வாங்கி வைக்கலாமே? இதுவும் பிட்காயின் மாதிரி சூதாட்டம்தானா?

நைஜீரியாவின் லேகோஸ் நகரில் இகேஜா பகுதியிலுள்ள பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் 2019 முதல் 2024 கடைசி வரை கணக்குப் பிரிவில் இருந்தேன். சம்பளத்தில் ஒரு பகுதி ஊருக்குப் போய்விடும், மீதியை அங்கேயே அந்த நாட்டுப் பணமான நைராவாகத் தருவார்கள். அதனால் இதைப் பக்கத்திலிருந்து பார்த்ததோடு, நானும் செய்திருக்கிறேன்.

முதலில் வீட்டு வாடகையைச் சொல்ல வேண்டும். லேகோஸில் மாத வாடகை என்பது அபூர்வம். ஒரு வருட வாடகையை மொத்தமாக, முன்கூட்டியே கட்ட வேண்டும். எங்கள் ஸ்டோர் கீப்பர் வருடம் 3 லட்சம் நைரா கட்டிக்கொண்டிருந்தார். மாதாமாதம் எடுத்து வைத்தால்தான் அந்தத் தொகை சேரும். ஆனால் எடுத்து வைக்கும் பணம் வருடக் கடைசிக்குள் கரைந்துவிடும். 2023 டிசம்பரில் அரசு சொன்ன பணவீக்கமே கிட்டத்தட்ட 29 சதவீதம், அடுத்த டிசம்பரில் 34.8. சேமிப்புக் கணக்கின் வட்டி இதற்குப் பக்கத்தில் கூட வராது. குறைந்தபட்சக் கூலி 2019இல் 30,000 நைரா என்று சட்டமானபோது அது 80 டாலருக்கு மேல். 2024 தொடக்கத்தில் அதே 30,000 வெறும் 20 டாலர். எங்கள் ஸ்டோர் கீப்பர் லாபம் தேடி டாலர் பக்கம் போகவில்லை. வீட்டை விட்டு வெளியேற்றப்படக் கூடாது என்பதற்காகப் போனார்.

வங்கியில் வாங்கலாமே என்கிறீர்கள். 2023 ஜூன் தொடக்கத்தில் அரசு விலைப்படி ஒரு டாலர் 465 நைரா அளவில் இருந்தது, தெருவில் 750. அந்த 465 விலையில் சேமிப்புக்கென்று டாலர் கேட்டால் எந்த வங்கியும் தராது. வெளிநாட்டுப் பயணம், படிப்பு, மருத்துவம் என்று காகிதம் காட்ட வேண்டும், காட்டினாலும் காத்திருக்க வேண்டும். ‘டாம் அக்கவுன்ட்’ என்று டாலர் கணக்கு உண்டு. ஆனால் அதில் போடும் டாலரை நாம்தான் வெளியே வாங்கிக் கொண்டுவர வேண்டும். நைரா டெபிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கான வரம்பை 2022இல் பல வங்கிகள் மாதம் 20 டாலராகக் குறைத்தன, பிறகு அதையும் நிறுத்தின. 2023 ஜூன் 14ஆம் தேதி மத்திய வங்கி அரசு விலையைச் சந்தையிடம் விட்டது. ஒரே நாளில் நைரா சரிந்தது.

மிச்சம் இருப்பது தெருவில் நோட்டு மாற்றும் ‘அபோக்கி’. அவரிடம் 100 டாலர் தாளுக்குத்தான் நல்ல மதிப்பு. பத்தும் இருபதுமான தாள்களைத் திருப்பிக் கொடுத்தால் குறைத்துத்தான் எடுப்பார். பழைய தாளுக்கும் அப்படியே. 2024இல் ஒரு 100 டாலர் தாளுக்கு ஒன்றரை லட்சம் நைரா வேண்டும் என்ற நிலையில், மாதம் 40,000 மிச்சப்படுத்துகிறவர் என்ன செய்வார்? வாங்கினாலும் கள்ள நோட்டுப் பயம், வீட்டில் வைத்தால் திருட்டுப் பயம்.

USDT நுழைந்தது இந்த இடத்தில்தான். ஸ்டேபிள்காயின்களில் அங்கே அதிகம் புழங்கியது அதுதான். ஒரு USDT எப்போதும் ஒரு டாலர் மதிப்பில் நிற்கும்படி, டெதர் நிறுவனம் அமெரிக்க அரசுக் கடன் பத்திரம் போன்ற சொத்துகளைக் கையிருப்பில் வைத்து வெளியிடுவது. 27 டாலருக்கும் வாங்கலாம், 6 டாலருக்கும் வாங்கலாம். சில்லறையாகக் கிடைக்கும் டாலர் என்பதுதான் அதன் முழு ஈர்ப்பும். தொழில்நுட்பத்தைப் பற்றி எங்கள் ஸ்டோர் கீப்பர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

2021 பிப்ரவரியில் மத்திய வங்கி, கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை தரக்கூடாது என்று வங்கிகளுக்குத் தடை போட்டது (2023 டிசம்பரில்தான் தளர்த்தினார்கள்). எனவே கிரிப்டோ செயலிக்கு நேரடியாக நைரா அனுப்ப முடியாமல் இருந்தது. ஆளுக்கு ஆள் விற்கும் P2P முறைதான் வழி. விற்பவர் விலை போட்டிருப்பார். நீங்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும் அவருடைய USDTயைச் செயலி பிடித்து வைத்துக்கொள்ளும். அவருடைய வங்கிக் கணக்குக்கு நீங்கள் சாதாரணமாக நைரா அனுப்ப வேண்டும். வந்ததைப் பார்த்து அவர் விடுவித்தால் காயின் உங்களுக்கு. பணம் அனுப்பும்போது குறிப்பில் கிரிப்டோ என்றோ USDT என்றோ எழுதக்கூடாது, எழுதினால் இருவர் கணக்கும் முடங்கலாம். விலை தெரு விலையை ஒட்டியே இருக்கும்.

ஆபத்து பெரும்பாலும் காயினில் இல்லை, நைரா கை மாறும் இடத்தில் இருக்கிறது. நான் பட்டது: ஒருமுறை 200 USDT விற்றேன். நைரா வந்தது, ஆனால் அனுப்பியவர் பெயர் செயலியில் இருந்த பெயர் இல்லை. ‘தம்பி கணக்கிலிருந்து போட்டேன்’ என்றார். அவசரத்தில் விடுவித்துவிட்டேன். மூன்றாம் நாள் என் கணக்கை வங்கி முடக்கியது. அது யாரிடமோ மோசடி செய்து எடுத்த பணம். ஏழு வாரம் சம்பளத்தைத் தொட முடியாமல் அலைந்தேன். பெயர் ஒத்துவராவிட்டால் விடுவிக்காமல் செயலியிலேயே புகார் போட வேண்டும், அது ஒன்றுதான் வழி. குறுஞ்செய்தியை நம்பியும் விடுவிக்கக்கூடாது. ‘ஃபேக் அலர்ட்’ என்று பணமே வராமல் வந்ததுபோலச் செய்தி அனுப்புவார்கள். வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் Binance என்ற கிரிப்டோ செயலி நைரா சேவையை நிறுத்தியதும் பலர் வாட்ஸாப், டெலிகிராம் குழுக்களுக்குப் போனார்கள். அங்கே காயினைப் பிடித்து வைக்க நடுவர் யாரும் கிடையாது, ஏமாந்தவர்கள் அதிகம்.

சூதாட்டமா என்றால், அது வாங்குகிற நேரத்தைப் பொறுத்தது. 2024 பிப்ரவரியில் தெருவில் டாலர் 1,800 நைராவைத் தாண்டியது. எங்கள் டிரைவர் பதறிப்போய், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த 1,80,000 நைராவை அப்படியே மாற்றினார். கிடைத்தது 100 USDT. ஏப்ரலில் கட்டணம் கட்ட எடுத்தபோது நைரா மீண்டு விலை 1,150க்கு வந்திருந்தது. கையில் 1,15,000. காயின் ஒரு டாலராகவே நின்றது, 65,000 போனது நைராவின் ஏற்றத்தில். இரண்டு மாதத்தில் நைராவாகவே செலவழிக்க வேண்டிய பணத்தை அவர் மாற்றியிருக்கவே கூடாது. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். நானும் அந்த வாரம் பயத்தில்தான் இருந்தேன்.

ஸ்டோர் கீப்பர் 2023 ஜூலையிலிருந்து ஏழு மாதம், சம்பளம் வந்த அன்றே 40,000 நைராவை மாற்றிவந்தார். முதல் மாதம் சுமார் 47 டாலர், ஜனவரியில் 31தான். மொத்தம் 268 USDT சேர்ந்தது. 2024 ஜூனில் வாடகை 4 லட்சமாக ஏறியது. அன்றைய விலை 1,480, விற்றதில் 3,96,000 சொச்சம் வந்தது. நைராவாகவே வைத்திருந்தால் அவரிடம் 2,80,000 இருந்திருக்கும். குறைந்த நாலாயிரத்தைத் தம்பியிடம் வாங்கிக் கட்டிவிட்டு, அதே வீட்டில் இன்னொரு வருடம் இருந்தார்.