கண்ணாடிக்குள் எந்த ஊர் தெரிகிறது?

கேள்வி: கண்ணாடி முகப்பும் மாபிள் தளமும் உள்ள கட்டடத்துக்கு முப்பரிமாணப் படம் செய்பவரிடம் விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும். போலி மினுக்கம் இல்லாமல் பிரதிபலிப்பு உண்மையாக வர எப்படி எழுதுவது?

நீங்களும் என்னைப் போல "நல்ல பளபளப்பாக வேணும்" என்று எழுதி அனுப்பிவிட்டு, வந்த படத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்திருப்பீர்கள். நான் கிளிநொச்சியில் வரைபடம் கீறுகிறவன். கணினியில் படம் செய்வது யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு பெடியன். மென்பொருள் தெரிந்தவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம், நான் எழுதிக் கொடுக்கிற பக்கத்தைத்தான் சொல்கிறேன்.

ஏ9 வீதியின் கிழக்குப் பக்கத்தில் மூன்று மாடிக் கடைத்தொகுதி. உரிமையாளர் கனடாவில். முதல் படத்தில் கண்ணாடி வானத்தைவிட வெள்ளையாக இருந்தது, மூலையில் நட்சத்திரம் மாதிரி ஒரு ஒளி வெடித்தது. அதோடு கண்ணாடிக்குள் பைன் மரங்கள்! பெடியன் இணையத்தில் எடுத்த ஏதோ ஒரு வெளிநாட்டுச் சுற்றுப்படத்தை, அதாவது கண்ணாடியில் தெரிவதற்காகக் கட்டடத்தைச் சுற்றி வைக்கும் படத்தை, போட்டிருக்கிறான். "தம்பி, உது கிளிநொச்சியோ, இங்க எங்கட ரோட்டோ?" என்று உரிமையாளர் அண்ணை கேட்டார். பிழை என்னுடையது. எதிரே என்ன நிற்கிறது என்று நான் எழுதவே இல்லை.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குக் காணிக்குப் போய், காணிக்கு முதுகைக் காட்டி நின்று எதிர்ப்பக்கத்தைப் படம் எடுத்தேன். இரண்டு தகரக் கூரைக் கடை, ஒரு வேம்பு, பின்னால் பனைகள், மின்கம்பமும் வயர்களும். காலையில் நமது முகப்பு நிழலில் இருக்கும், எதிர்க்கடைகளில் வெயில் விழும், உள்ளே இருட்டு. பிரதிபலிப்பு நன்றாகத் தெரிவது அந்த நேரத்தில்தான். இரவில் உள்ளே லைட் எரிந்தால் கண்ணாடியில் ரோட்டைத் தேடக்கூடாது, உள்ளே இருக்கும் தட்டுகள்தான் தெரியும். அதனால் விவரத்தில் முதலில் நேரத்தை எழுதுங்கள்.

பிறகு கோணம். இரணைமடுக் குளக்கட்டில் நின்று காலடித் தண்ணீரைப் பாருங்கள், அடியில் கிடக்கும் கல் தெரியும். தூரத்துத் தண்ணீரில் வானம்தான். கண்ணாடியும் அப்படியே. பூச்சில்லாத ஒற்றைக் கண்ணாடி நேர் எதிரே நின்று பார்த்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 8 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும், சரிவாகப் பார்க்கப் பார்க்க அது கூடிக்கொண்டே போகும். ஆகவே "எல்லா இடமும் கண்ணாடி மாதிரி" என்று எழுதாமல், "முன்னால் உள்ள பலகங்களில் உள்ளே மங்கலாகத் தெரிய வேணும், வீதியோடு விலகிப் போகும் பலகங்களில் பனையும் வானமும்" என்று எழுதினேன்.

மூன்றாவது, வயர். பலகங்கள் எல்லாம் ஒரே தட்டையில் நிற்பதில்லை, கடினப்படுத்திய கண்ணாடியில் உருளைகளில் ஓடிய மெல்லிய அலையும் இருக்கும். அதனால் "மின்வயரின் நிழலுரு ஒவ்வொரு அலுமினியச் சட்டத்திலும் கொஞ்சம் முறிந்து, பலகத்துக்குள் லேசாக நெளிய வேணும்" என்று எழுதினேன். இந்த ஒரு வரிதான் படத்தைக் காப்பாற்றியது. கண்ணாடியில் தெரியும் கடை, வெளியே நிற்கும் கடையைவிடப் பிரகாசமாக இருந்தால் அது பொய். கண்ணாடி வெளிச்சத்தை உண்டாக்காது.

மாபிளுக்கு வருகிறேன். அவர் கேட்டது வெள்ளை மாபிள். வெள்ளைத் தளம் தானே பெருமளவு வெளிச்சத்தைப் பரப்புவதால் அதில் தூண்களின் உரு மங்கலாகத்தான் தெரியும், வாசல் வெளிச்சம் மட்டும் எடுபடும். கறுப்புக் கிரனைட்டில் எல்லாம் துலக்கமாகத் தெரியும். பெடியன் உலோகத் தன்மையைக் கூட்டும் Metallic அளவை ஏற்றி வெள்ளை மாபிளை எவர்சில்வர் தட்டாக்கிவிட்டான். அதைச் சுழியாக்கச் சொன்னேன், மேற்பரப்பின் சொரசொரப்பைக் குறிக்கும் Roughness-ஐ 0.1 அளவில் வைத்து, ஆட்கள் நடக்கிற வழியில் செம்மண் தூசிக்காகச் சற்றுக் கூட்டச் சொன்னேன். காலடியில் கல்லின் நரம்பு, வாசல் பக்கம் வாசலின் வெளிச்சம். கதவின் உரு அடியில் கூராகத் தொடங்கி, கீழே இறங்க இறங்கக் கலங்க வேணும்.

மினுக்கத்துக்கென்று பிறகு ஒட்டும் ஒளிவட்டங்களை முழுதாக நிறுத்தினோம். சூரியன் நேரே கண்ணாடியில் பட்டுக் கமராவுக்கு வரும் கோணம் என்றால் கூச்சம் வரத்தான் செய்யும், அதை மறுக்கவில்லை. இங்கே சூரியன் கட்டடத்துக்குப் பின்னால்.

 

இரண்டாவது படத்தைப் பார்த்து, "எங்கட சந்திதான்" என்றார் அண்ணை. அந்த வயரை மட்டும் அழிக்கச் சொன்னார். அழிக்கவில்லை.