கம்பி அவர் கைக்கு எப்படி வந்தது?

கேள்வி: நான் ஒரு சரக்குக் கிடங்கின் மேலாளர். நேற்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கும் சரக்கு சரிபார்ப்பவருக்கும் தகராறு. ஓட்டுநர் அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். உடனே இவர் இரும்புக் கம்பியை ஓங்கி, "ஷிப்ட் முடிஞ்சு வெளியே வா, உன்னை முடிச்சிடுறேன்" என்றார். அடி எதுவும் விழவில்லை. இருவரையும் நோட்டீஸ் இல்லாமல் இன்றே நீக்கிவிடலாமா?

பதில்: இன்றே நீக்காதீர்கள். ஆனால் இருவரும் இன்று வேலையில் இருக்கவும் கூடாது. வெவ்வேறு நேரத்தில் வீட்டுக்கு அனுப்புங்கள், வாசலில் சந்தித்துக்கொள்ள வேண்டாம். சம்பளத்தோடு சஸ்பெண்ட் செய்து, இது தண்டனை இல்லை, விசாரணை முடியும்வரைதான் என்று கடிதத்தில் எழுதிவிடுங்கள். மிரட்டப்பட்ட ஓட்டுநர் போலீசுக்குப் போக விரும்பினால் தடுக்காதீர்கள். அங்கே வழக்கு முடியட்டும் என்று உங்கள் விசாரணையைத் தள்ளிப்போடவும் தேவையில்லை.

அடுத்து சிசிடிவி பதிவு. பழைய காட்சிகள் தானாக அழிந்துவிடும் அமைப்பாக இருக்கலாம் என்பதால் முதலில் அதைப் பிரதி எடுத்துவிடுங்கள். பிறகு பக்கத்தில் இருந்தவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, கேட்ட வார்த்தைகளை அப்படியே எழுதச் சொல்லுங்கள். "மிரட்டினார்" என்று மட்டும் எழுதி வாங்கினால் பின்னால் ஒன்றும் நிற்காது. என்ன சொன்னார், எவ்வளவு தூரத்தில் நின்றார், பிறகு எங்கே போனார், இதெல்லாம் வேண்டும்.

நோட்டீஸ் இல்லாத பணிநீக்கம் எப்போது நியாயம்? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு 158ஆம் உடன்படிக்கை ஒரு தெளிவான அளவுகோல் தருகிறது. நோட்டீஸ் காலம் முடியும்வரைகூட அவரை வேலையில் வைத்திருக்கச் சொல்வது நியாயமில்லை என்னும் அளவுக்கு ஒழுங்கீனம் கடுமையாக இருக்க வேண்டும். தன் பக்கத்தைச் சொல்லத் தொழிலாளிக்கு வாய்ப்புத் தராமல் நடத்தையைக் காட்டி நீக்கக் கூடாது என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. அடி விழவில்லை என்பதால் மட்டும் விஷயம் சின்னதாகிவிடாது. வேலையிடத்து வன்முறை பற்றிய 2019ஆம் ஆண்டு 190ஆம் உடன்படிக்கை, மிரட்டலையும் ஒரே ஒருமுறை நடந்ததையும் சேர்த்தே கணக்கில் எடுக்கிறது.

உங்கள் விஷயத்தில் எல்லாம் அந்தக் கம்பியில்தான் இருக்கிறது. அது பெட்டி திறக்கும் கம்பி என்று வைத்துக்கொள்வோம். தள்ளப்பட்டபோது அவர் பெட்டிதான் திறந்துகொண்டிருந்தார், கம்பி ஏற்கெனவே கையில் இருந்தது, அதிர்ச்சியில் ஓங்கினார், கத்தினார், அடுத்த நொடி தானே கீழே போட்டார் என்றால் அது தூண்டப்பட்ட ஒரு கணத்தின் கோபம். பழைய புகார் எதுவும் இல்லாதவர் என்றால் இறுதி எச்சரிக்கைக் கடிதம் போதும் என்பேன். ஆனால் தள்ளப்பட்ட பிறகு அவர் அங்கிருந்து நடந்து, கருவி மாட்டும் இடத்துக்குப் போய், கம்பியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து அதைச் சொன்னார் என்று பதிவு காட்டினால் கதையே வேறு. யோசிக்க நேரம் இருந்திருக்கிறது, ஆயுதத்தைத் தேடிப் போயிருக்கிறார், எப்போது எங்கே என்றும் சொல்லியிருக்கிறார். அவரை நோட்டீஸ் இல்லாமல் நீக்கினால் அந்த முடிவு நிற்கும்.

"உடனே" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நேரில் பார்த்ததா, யாராவது சொன்னதா? நேரில் பார்த்திருந்தால் நீங்களும் ஒரு சாட்சி. அப்படியானால் முடிவை வேறொருவரிடம் விடுங்கள்.

ஓட்டுநரை மறந்துவிட வேண்டாம். முதலில் கைவைத்தவர் அவர். அதற்காக இருவருக்கும் ஒரே தண்டனை என்பதை நான் ஏற்கமாட்டேன், பார்க்க நியாயம் போல இருந்தாலும். ஒரே ஒரு தள்ளல், இதற்கு முன் புகார் இல்லை என்றால் எழுத்தில் எச்சரிக்கை போதும். அதே ஆள் முன்பும் இன்னொருவரைத் தள்ளி எச்சரிக்கை வாங்கியவர் என்றால் அவர் வேலைக்கும் ஆபத்துதான். இதே கிடங்கில் முன்பு இப்படி ஒரு சண்டை நடந்திருந்தால், அப்போது என்ன செய்தீர்கள் என்பதையும் எடுத்துப் பாருங்கள். அன்று எச்சரிக்கையோடு விட்டதை இன்று நீக்கத்துக்குரிய குற்றம் என்றால், ஏன் என்று சொல்லக் காரணம் வேண்டும்.

குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல இருவருக்கும் சில நாள் கொடுங்கள். அதற்காக வாரக்கணக்கில் இழுக்கவும் வேண்டாம். குறிப்பாக, நடுவில் கம்பியை ஓங்கியவரைப் பழைய வேலைக்கே திருப்பிக் கூப்பிட்டுவிட்டு, அப்புறம் "ஒருநாள்கூட வைத்திருக்க முடியாது" என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நீக்குவதாக முடிவானால், அந்த நாள்வரை அவர் வேலை செய்து சம்பாதித்த சம்பளத்தில் கைவைக்காதீர்கள். நோட்டீஸ் காலத்துச் சம்பளம்தான் இல்லாமல் போகும். உங்கள் நாட்டுச் சட்டமும் வேலை ஒப்பந்தமும் விசாரணைக்குத் தனி முறை வைத்திருக்கலாம் என்பதால், கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் காட்டுங்கள். யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும்.