பந்து பேட்டில் படும் நொடி: எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்

கேள்வி: வீடியோவின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பீட் ராம்ப் டெம்ப்ளேட் பேக் 499 ரூபாய்க்கு வாங்கினேன். எங்கள் கிரிக்கெட் டீம் வீடியோவில் போட்டால், பேட்டில் படும் இடத்தில் பந்து இரண்டு மூன்று நிழலாகத் தெரிகிறது. வேறு நல்ல பேக் எது? (திண்டுக்கல்)

பதில்: எந்த பேக்கும் வேண்டாம். நானும் இப்படி ஒன்று வாங்கினேன். உள்ளே வேக வளைவு மட்டும்தான் இருந்தது. நிழலுக்குக் காரணம் நீங்கள் நொடிக்கு 30 பிரேமில் எடுத்தது. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் வரும் பந்து ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அந்த இடைவெளி கேமராவில் பதிவாகவே இல்லை. கால் வேகத்துக்கு இறக்கினால் மென்பொருள் ஊகித்து நிரப்பும். 120 பிரேமில் எடுத்து 30 பிரேம் டைம்லைனில் போட்டால், கால் வேகத்திலும் எல்லாம் நிஜ பிரேம்தான்.

வளைவை நீங்களே போடலாம். இலவச எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் கிளிப்பைத் தேர்ந்து Ctrl+R அழுத்துங்கள். பந்து தரையில் குத்தும் இடத்தில் ஒரு Add Speed Point, பேட்டை விட்டு விலகியதும் இன்னொன்று. நடுத்துண்டு 25%, அதன் பிறகு 150%. பிறகு Retime Curve திறந்து இரண்டு முனைகளையும் வளைத்து விடுங்கள். இல்லாவிட்டால் வேகம் வெட்டியதுபோல் மாறும்.

எல்லோரும் பந்து படும் பிரேமில்தான் வேகத்தைக் குறைக்கிறார்கள். எனக்கு இதில் தீராத ஆதங்கம். கண் பழகுவதற்குள் ஷாட் முடிந்துவிடுகிறது. குறைவது முன்னாலேயே தொடங்க வேண்டும். பேட்ஸ்மேனின் கால் நகர்வதைப் பார்த்த பிறகுதான் அடி புரியும். நிஜத்தில் கால் நொடி, திரையில் ஒரு நொடி போதும்.

கேள்வி: பணம் கட்டும் ஆப் வாங்கினால் பழைய 30 பிரேம் கிளிப் சரியாகுமா?

பதில்: ஆகாது.

கேள்வி: கேமரா வாங்கி மூன்று மாதம் ஆகிறது. 4K-யில் 30 பிரேம்தான் வருகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை, பார்க்காமல் வாங்கியிருக்கிறீர்கள். விவரப் பட்டியலில் ஒவ்வொரு அளவுக்கும் பிரேம் எண்ணிக்கை தனியாக இருக்கும். மெனுவில் 1080-க்கு இறக்கிப் பாருங்கள். பல கேமராக்களில் 120 அங்கேதான் இருக்கும்.

கேள்வி: 960 பிரேம் என்று விளம்பரம் பார்த்து போன் வாங்கினேன். கபடியில் ரெய்டரின் கை ரப்பர்போல் நெளிகிறது. கடைக்காரர் "அப்படித்தான் இருக்கும்" என்கிறார். (தேனி)

பதில்: உங்கள் மேல் தவறில்லை. சில போன்கள் குறைந்த பிரேமில் எடுத்து மீதியை மென்பொருளில் நிரப்புகின்றன. உறுதி செய்ய, மின்விசிறி இறக்கையில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, பகல் வெளிச்சத்தில் படமெடுத்து ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். காகிதம் கிழிந்ததுபோலவோ இரண்டாகவோ தெரிந்தால் அது பெரும்பாலும் மென்பொருள் வரைந்த பிரேம். அந்த வீடியோ, ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: இரவு மேட்ச் கிளிப்பை ஸ்லோ செய்தால் திரை மினுக்குகிறது. புது லென்ஸ் வாங்கவா?

பதில்: வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 60 பிரேம், ஷட்டர் 1/100 வைத்து எடுங்கள். பாதி வேகம் வரைக்கும்தான் இறக்க முடியும்.