மிளகாய்த்தூளில் ஒரு பேட்ச் கெட்டால்: கேள்வி பதில்

"பாக்கெட்ல பேட்ச் நம்பர் அடிக்கிறோம், ஜிஎஸ்டி பில்லும் இருக்கு. எந்தக் கடைக்குப் போச்சுன்னு பில்லே சொல்லிடுமே சார்?"

பாதிதான் சொல்லும். பில்லில் "மிளகாய்த்தூள் 100 கிராம், 20 பெட்டி" என்று இருக்கும். எந்த பேட்ச் என்று இருக்காது. லோடு ஏற்றும்போதே பெட்டியைப் பார்த்து பேட்ச் நம்பரைச் சலானில் எழுதுங்கள். ஒரே பில்லில் இரண்டு பேட்ச் போனால் இரண்டு வரி. எழுதாவிட்டால், அந்த பேட்ச் குடோனில் இருந்த நாட்களில் சரக்கு எடுத்த அத்தனை பேரையும் கூப்பிட வேண்டும். பழைய சரக்குதான் முதலில் போயிருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். லோடுமேன் கைக்கு எட்டியதைத்தான் எடுப்பார்.

"லேப்ல அஃப்ளடாக்சின்ங்கிற பூஞ்சை நஞ்சு கூடுதல்னு வந்திருக்கு. பின்னாடி எப்படித் தேடுறது?"

அந்த பேட்சின் அரவைச் சீட்டை எடுங்கள். 480 கிலோ வற்றல் இறங்கியது, அதில் 300 கிலோ ஒரு வியாபாரியின் வரத்து, 180 கிலோ இன்னொருவருடையது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் மீதி மூட்டை குடோனில் இருந்தால் முதலில் தனியே நிறுத்துங்கள். அதே வரத்துகள் வேறு எந்த பேட்ச்களுக்குப் போயின என்று திரும்பவும் முன்னோக்கி வாருங்கள். பலர் வியாபாரி பெயரைக் கண்டதும் நின்றுவிடுகிறார்கள்.

அடுத்தது எடைக் கணக்கு. 4,400 பாக்கெட், அதாவது 440 கிலோ வெளியே வந்தது. காம்பு, தூசி, ஈரம் என்று கழிவு 12 கிலோ. சல்லடையில் நின்ற 18 கிலோவை மறுநாள் அரவையில் சேர்த்ததாகச் சீட்டு சொல்கிறது. அந்த மறுநாள் பேட்சும் திரும்பப் பெறும் பட்டியலில் வந்துவிட்டது. இன்னும் 10 கிலோ எங்கே? சாம்பார் பொடி கலவைச் சீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

"நான் வீட்ல ஊறுகாய் போட்டு விக்கிறேன். கடையில வாங்குற தூள்தான். வியாபாரி பணத்தைத் திருப்பித் தருவாரா அண்ணா?"

பணம் பிறகு பேசலாம், தங்கச்சி. தூளை டப்பாவில் கொட்டும்போது பாக்கெட்டின் பேட்ச் நம்பரை எழுதி வைத்தீர்களா? இல்லையென்றால் எந்த ஜாடியைத் திரும்ப வாங்குவது என்றே தெரியாது. உணவில் சேர்க்கக் கூடாத சூடான் 1 சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சாஸுக்குள் போயிருந்தது 2005இல் பிரிட்டனில் தெரியவந்தது. அந்த சாஸைச் சேர்த்த 400க்கும் மேற்பட்ட பொருட்களைத் திரும்பப் பெற்றார்கள்.

"ஹாப்பரில் ஒட்டியது அடுத்த பேட்சிலும் வரும். நாங்கள் அடுத்த பேட்சை டெஸ்ட் செய்து, பாஸ் ஆனால் விட்டுவிடுகிறோம். சரிதானே?"

எனக்கு உடன்பாடில்லை. அஃப்ளடாக்சின் சரக்கு முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஒரு மூட்டையில் சில வற்றலில் மட்டும் இருக்கலாம். அரைத்த பிறகு ஓரளவு கலந்துவிடும் என்றாலும், ஒரு சாம்பிள் பாஸ் ஆனதை வைத்து விடுவிக்க மாட்டேன். மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்ததற்குக் கையெழுத்துள்ள சீட்டு எந்த இடத்தில் இருக்கிறதோ, அதுவரை திரும்ப எடுப்பேன்.

"அப்படின்னா ஒரு வாரச் சரக்கே போயிடுமே சார்."

போகும். தினமும் கழற்றினால் இரண்டு மணி நேர அரவை போகும். எது மலிவு என்பது உங்கள் ஆலைக் கணக்கு.